கிராபைட்டின் பிணைப்புதான் வலுவானது என்றால், பென்சில் ஏன் தேய்கிறது?

கயல்விழி

எங்கள் படிப்புக் குழுவில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாடநூல் சொல்வது எல்லாருக்கும் தெரியும். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கிறது, அதனால் அது கடினமானது. கிராபைட்டில் மூன்றோடு மட்டுமே பிணைந்திருக்கிறது. நான்காவது எலக்ட்ரான் சுதந்திரமாக இருப்பதால் மின்சாரம் கடத்தும், அடுக்குகள் வழுக்குவதால் மென்மை. இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் அட்டவணையில் இரண்டு எண்கள் இடிக்கின்றன. பிணைப்பு நீளம் வைரத்தில் 154 பிக்கோமீட்டர், கிராபைட்டில் 142. நீளம் குறைந்தால் வலு கூடும் என்று முந்தைய பாடத்தில்தான் படித்தோம். அப்படியானால் கிராபைட் அல்லவா கடினமாக இருக்க வேண்டும்?

இன்னொன்று. நான்காவது எலக்ட்ரான் சுதந்திரமானது என்றால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஓட வேண்டாமா? அடுக்கின் வழியே நன்றாகவும் குறுக்கே மோசமாகவும் கடத்துகிறது என்கிறார்களே, அது ஏன்?

அருண்

இதில் குழப்பமே இல்லை. கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே இருப்பது வெறும் வாண்டர்வால்ஸ் விசை. அது பலவீனமானது, அதனால் கிராபைட் மென்மையாக இருக்கிறது. வைரத்தில் எங்கே பார்த்தாலும் சகப்பிணைப்பு, அதனால் அதை எதுவும் உடைக்க முடியாது. அட்டவணையில் உள்ள 142, 154 வித்தியாசம் மிகச் சிறியது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடத்துதிறனும் அப்படித்தான். வைரத்தில் சுதந்திர எலக்ட்ரான் இல்லை, எனவே அது மின்சாரத்தையும் கடத்தாது, வெப்பத்தையும் கடத்தாது. கிராபைட்டில் அணுவுக்கு ஒரு சுதந்திர எலக்ட்ரான் இருக்கிறது, எனவே இரண்டையும் கடத்தும்.

நாகலிங்கம்

கயல்விழி, அந்த இரண்டு எண்களை விட்டுவிடாதே அம்மா. உன் கேள்விக்கு வழியே அங்கேதான் இருக்கிறது. அருண் தம்பி சொன்ன வாண்டர்வால்ஸ் விசை சரி. ஆனால் நீள வித்தியாசம் சிறியது என்று ஒதுக்கியது சரியில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கல்லூரியில் மாணவர்களை நான் இதைத்தான் போடச் சொல்வேன்.

ஒரு மோல் கிராபைட்டைத் தனித்தனிக் கார்பன் அணுக்களாகப் பிரிக்கச் சுமார் 717 கிலோஜூல் ஆகும். வைரத்துக்கு 715. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இனி இந்த ஆற்றல் எத்தனை பிணைப்புகளுக்குப் பங்காகிறது என்று பார்க்க வேண்டும். வைரத்தில் அணுவுக்கு நான்கு பிணைப்பு. ஒவ்வொரு பிணைப்பும் இரண்டு அணுக்களுக்குப் பொது, ஆகவே ஓர் அணுவின் கணக்கில் வருவது இரண்டு. 715-ஐ இரண்டால் வகுத்தால் ஒரு மோல் பிணைப்புக்குச் சுமார் 357 கிலோஜூல். கிராபைட்டில் அணுவுக்கு மூன்று பிணைப்பு, அதில் பாதி ஒன்றரை. 717-ஐ ஒன்றரையால் வகுத்தால் 478.

ஆக, கிராபைட் அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக வலுவுள்ளது. உன் அட்டவணை பொய் சொல்லவில்லை.

பிறகு பென்சில் ஏன் தேய்கிறது? நீ காகிதத்தில் எழுதும்போது அந்த 478 கிலோஜூல் பிணைப்பின் மேல் கை வைப்பதே இல்லை. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே உள்ள தூரம் 335 பிக்கோமீட்டர், அதாவது பிணைப்பு நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அடுக்குகளைப் பிரிக்க ஒரு மோல் அணுவுக்கு ஏறத்தாழ 5 கிலோஜூல் போதும். மேலே போட்ட கணக்கில் இதை நான் விட்டுவிட்டதும் அது அவ்வளவு சிறியது என்பதால்தான். அப்பளக் கட்டை நினைத்துக்கொள். ஒவ்வோர் அப்பளமும் தனியே விறைப்பாகத்தான் இருக்கிறது, கட்டு மட்டும் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறது.

ஒரு பொருள் கடினமானதா என்று கேட்பது, அதிலுள்ள மிக வலுவான பிணைப்பு எது என்று கேட்பதாகாது. அழுத்தும்போதும் கீறும்போதும் எது முதலில் விட்டுக்கொடுக்கிறது என்பதே கேள்வி. வைரத்தில் விட்டுக்கொடுக்க 357-ஐவிடக் குறைந்தது எதுவும் இல்லை. எந்தத் திசையில் அழுத்தினாலும் நான்முகியாக நிற்கும் பிணைப்புகளை வளைத்தாக வேண்டும். கிராபைட்டில் 5 இருக்கும்போது 478 வரை யாரும் போக வேண்டியதில்லை.

பட்டறை சேகர்

நான் நகைப் பட்டறை வைத்திருப்பவன். வேதியியல் அதிகம் படிக்கவில்லை. ஆனால் வைரம் எதையும் கடத்தாது என்று அருண் எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. எங்களிடம் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கிறது. முனையைக் கல்லின் மேல் வைத்தால் வைரத்துக்குச் சத்தம் கொடுக்கும். அமெரிக்கன் டைமண்டுக்கோ கண்ணாடிக்கோ கொடுக்காது. கரண்ட் பாயாமல் எப்படிச் சத்தம் வரும்? ஆகவே வைரம் கரண்ட் கடத்துகிறது என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைரத்தை எதுவும் உடைக்காது என்பது பட்டறைக்கு வெளியே சொல்லும் பேச்சு. சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால் சிதறிவிடும். கல் பதிக்கும்போது கம்பியை வளைக்கிற அழுத்தத்தில் கூர்முனை தெறித்துப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரியான திசையில் கீறி, தகட்டை வைத்துத் தட்டினால் பலகை மாதிரி இரண்டாகப் பிளந்துகொள்ளும். பழைய காலத்தில் பெரிய கற்களைப் பிரித்ததே அப்படித்தான்.

நாகலிங்கம்

சேகர் ஐயா, உங்கள் இரண்டாவது செய்தி பொன்னானது. கீறலுக்கு அசையாமல் இருப்பது வேறு, அடிக்குத் தாங்குவது வேறு. வைரம் முதலாவதில் முதன்மையானது, இரண்டாவதில் சாதாரணம். அடித்தால் ஓர் எஃகுத் துண்டு நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். வைரத்துக்கு நசுங்கத் தெரியாது, விரிசல் ஓடிவிடும். நீங்கள் சொல்லும் பிளவுத் திசையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அறுக்க வேண்டிய பிணைப்புகளின் எண்ணிக்கை மற்றத் திசைகளைவிடக் குறைவு. அதே 357 கிலோஜூல் பிணைப்புதான், ஆனால் அறுபடுவது குறைவான எண்ணிக்கை. கடினத்தன்மையும் திசைக்குத் திசை கொஞ்சம் மாறுவதால்தான் வைரப் பொடியைக் கொண்டே வைரத்தைப் பட்டை தீட்ட முடிகிறது.

டெஸ்டர் விஷயம் வேறு. அதன் முனையைக் கருவி லேசாகச் சூடாக்கி வைத்திருக்கும். கல்லில் வைத்ததும் அந்தச் சூட்டைக் கல் எவ்வளவு விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. சத்தம் வருவது வெப்பம் பாய்வதைப் பார்த்து, கரண்ட் பாய்வதைப் பார்த்து அல்ல.

அருண்

சுதந்திர எலக்ட்ரான் இல்லாமல் வெப்பம் மட்டும் எப்படிப் பாயும்? செம்பு வெப்பம் கடத்துவது எலக்ட்ரானால்தானே?

தமிழினி

நான் இயற்பியலில் ஆய்வு மாணவி, இந்த இடத்தில் உள்ளே வருகிறேன். செம்பில் எலக்ட்ரான்தான், அருண். வைரத்தில் அணுக்களின் அதிர்வு. கார்பன் அணு எடை குறைந்தது, பிணைப்போ மிக விறைப்பானது. ஒரு முனையில் அணுவைத் தட்டினால் அந்த ஆட்டம் மறுமுனைக்குச் சிதறாமல் வேகமாகப் போய்ச் சேர்கிறது. நல்ல வைரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 2000 வாட் அளவில் இருக்கும். செம்பு சுமார் 400. அமெரிக்கன் டைமண்ட் என்கிற சிர்கோனியா பல நூறு மடங்கு குறைவு, அதனால் டெஸ்டர் அதைச் சட்டென்று பிரித்துவிடுகிறது.

சேகர் அண்ணா, அந்தக் கருவி மாய்சனைட் கல்லிடம் ஏமாந்துபோகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது சிலிக்கன் கார்பைடு, அதுவும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் விற்பனைக்கு வரும் பெரும்பாலான மாய்சனைட் கற்கள் மின்சாரத்தையும் கொஞ்சம் கடத்தும், சாதாரண வைரம் கடத்தாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் சோதிக்கும் டெஸ்டர் வந்தது.

இனிக் கயல்விழியின் இரண்டாவது கேள்வி. 'சுதந்திர எலக்ட்ரான்' என்ற பேச்சை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிடுவோம். வைரத்தில் நான்கு எலக்ட்ரானும் நான்கு பிணைப்புகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. ஓர் எலக்ட்ரானை அங்கிருந்து கிளப்பி நடமாட விட வேண்டுமானால் 5.5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தர வேண்டும். அறை வெப்பம் தரக்கூடியது 0.025 அளவுதான். இருநூறு மடங்குக்கும் மேல் பற்றாக்குறை. வைரம் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதற்கும் இதுவே காரணம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் 3.1 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் போவதில்லை. எலக்ட்ரானைக் கிளப்ப அது போதாது, எனவே ஒளி உள்ளே புகுந்து வெளியே வந்துவிடுகிறது.

கிராபைட்டில் மூன்று எலக்ட்ரான்கள் அடுக்கின் தளத்திலேயே பிணைப்பாகக் கிடக்கின்றன. நான்காவதன் ஆர்பிட்டால் தளத்துக்குச் செங்குத்தாக, மேலும் கீழுமாக நிற்கிறது. பக்கத்து அணுவின் ஆர்பிட்டாலும் அப்படியே நிற்பதால், 142 பிக்கோமீட்டர் இடைவெளியில் இரண்டும் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இப்படியே அணுவுக்கு அணு தொடர்ந்து அந்த எலக்ட்ரான் அடுக்கு முழுவதற்கும் பொதுவாகிவிடுகிறது. நாகலிங்கம் ஐயா சொன்ன கூடுதல் வலுவும் இந்தப் பக்கவாட்டுப் படிதலிலிருந்து வந்ததுதான். ஆனால் அடுத்த அடுக்கு 335 பிக்கோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் படிதல் மிகக் குறைவு. அதனால் நல்ல படிகத்தில் அடுக்கின் வழியே இருக்கும் மின்தடையைவிடக் குறுக்கே ஆயிரம் மடங்குக்கும் மேல் தடை இருக்கிறது.

அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் ஓடுகிறது என்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். அறை வெப்பநிலையில் உண்மையாகவே மின்னோட்டத்தைச் சுமப்பவை ஏறத்தாழ பத்தாயிரம் அணுவுக்கு ஒன்று என்ற அளவில்தான். செம்பில் அணுவுக்கு ஒன்று. கிராபைட் சமாளிப்பது எப்படி என்றால், அந்தச் சிலவும் அடுக்குக்குள் மிக எளிதாக ஓடுகின்றன.

அருண்

நேற்று இரவே ஒரு HB பென்சிலின் இரு முனையையும் சீவி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நீளம் 17.5 சென்டிமீட்டர், உள்ளே உள்ள கரிக்குச்சியின் விட்டம் 2 மில்லிமீட்டர். 14 ஓம் காட்டியது. இது அடுக்கின் வழியே வரும் தடையா, குறுக்கே வரும் தடையா?

தமிழினி

இரண்டும் இல்லை. முதலில், அந்தக் குச்சி முழுவதும் ஒரே கிராபைட் படிகமாக இருந்து, அடுக்குகள் எல்லாம் நீளவாக்கில் இருந்தால் என்ன வர வேண்டும் என்று பார். அந்தத் திசையில் மின்தடை எண் ஏறத்தாழ 4 × 10⁻⁷ ஓம் மீட்டர்.

```
R = ρL/A
  = (4 × 10⁻⁷ × 0.175) / (3.14 × 10⁻⁶)
  ≈ 0.022 Ω
```

உனக்கு வந்தது 14. அறுநூறு மடங்குக்கு மேல். பென்சில் குச்சி என்பது கிராபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து சுட்டது. களிமண் கடத்தாது. கிராபைட் செதில்களோ பல திசையில் திரும்பிக் கிடக்கின்றன. மின்னோட்டம் செதிலுக்குச் செதில் தாவித் தாவித்தான் போக வேண்டும், தடையில் பெரும்பகுதி அந்தத் தாவலில் போய்விடுகிறது. களிமண் குறைந்த 6B பென்சிலை எடுத்தால் ஓம் குறையும். அதன் குச்சி தடிமனாகவும் இருக்கலாம், ஆகவே விட்டத்தையும் அளந்து கணக்கில் சேர்த்துக்கொள்.

அடுக்கின் வழியே, குறுக்கே என்று பிரித்து அளப்பது வீட்டு மல்டிமீட்டரில் நடக்காது. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தொட்டுப் பார், கம்பியின் தடையே 0.02 ஓமைவிடப் பெரிதாக இருக்கும். ஆய்வகத்தில் நான்கு முனை வைத்து அளப்போம். மின்னோட்டம் தருவது இரண்டு, மின்னழுத்தம் படிப்பது வேறு இரண்டு.

பட்டறை சேகர்

சாதாரண வைரம் கடத்தாது என்று எழுதினீர்களே அம்மா, சாதாரணம் இல்லாத வைரம் கடத்துமா? நீல வைரத்தைப் பற்றி ஒரு வியாபாரி ஏதோ சொன்னார், அப்போது நான் நம்பவில்லை.

தமிழினி

அவர் சொன்னது சரிதான் அண்ணா. இயற்கையில் கிடைக்கும் நீல வைரங்களில் பலவற்றுக்கு நிறம் தருவது போரான். போரானுக்கு வெளிக்கூட்டில் மூன்றே எலக்ட்ரான். கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்தால் நான்காவது பிணைப்பில் ஓர் எலக்ட்ரான் குறையும். அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்து எலக்ட்ரானை நகர்த்த 5.5 எலக்ட்ரான்வோல்ட் வேண்டாம், 0.37 போதும். பத்து லட்சம் அணுவில் ஒன்று என்ற அளவில் போரான் இருந்தாலே நிறமும் தெரியும், மின்சாரமும் கொஞ்சம் பாயும். கோல்கொண்டா நாட்டுச் சுரங்கத்திலிருந்து போனதாகக் கருதப்படும் ஹோப் வைரம் இந்த வகை. ஆய்வகத்தில் போரானை நிறையச் சேர்த்து வளர்த்த வைரம், சுமார் 4 கெல்வின் குளிரில் மீகடத்தியாகவே மாறுகிறது என்று 2004-இல் காட்டினார்கள். கடினத்தன்மை மட்டும் பெரிதாக மாறுவதில்லை, ஏனென்றால் எலும்புக்கூடு அதே நான்முகிகள்தான்.

மோட்டார் ராஜன்

எல்லாரும் சொன்னதைப் படித்தேன். கிராபைட் வழுக்குவதற்குக் காரணம் பலவீனமான வாண்டர்வால்ஸ் விசை என்பதில் யாரும் சந்தேகம் எழுப்பவில்லை. நான் மோட்டார் பழுது பார்ப்பவன். சுழலும் பகுதியை உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்தும் கிராபைட் கட்டியான கார்பன் பிரஷ்தான் எனக்குத் தினசரிச் சோறு. ஆகவே கேட்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் பிரஷ்கள் சில மணி நேரத்தில் பொடியாகித் தீர்ந்துபோயின. தரையில் அதே பிரஷ் மாதக்கணக்கில் உழைக்கும். அடுக்கு அதே அடுக்கு, விசையும் அதே விசை. அங்கே மட்டும் ஏன் வழுக்கவில்லை?

நாகலிங்கம் ஐயாவின் அப்பளக் கட்டு ஏன் சரிகிறது தெரியுமா? இடையில் மாவு தூவியிருப்பதால். தூவாமல் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

நாகலிங்கம்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் ராஜன். மாவு இங்கே நீராவி. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் சாவேஜ் என்பவர் இதை ஆராய்ந்து 1948-இல் வெளியிட்டார். வெற்றிடத்தில் கிராபைட் வழுக்குவதில்லை, உராய்வு பல மடங்கு கூடித் தூளாகிறது, சிறிதளவு நீராவியை விட்டதும் பழையபடி வழுக்குகிறது. உயரத்தில் காற்று மிக வறண்டது, பிரஷ் பொடியானதற்குக் காரணம் அதுதான்.

என் விளக்கம் இது. அடுக்கின் நடுப்பகுதியில் எல்லாப் பிணைப்பும் நிறைவாக இருக்கிறது. செதிலின் ஓரத்திலோ மூன்றாவது பிணைப்புக்கு ஆளில்லாத அணுக்கள் நிற்கின்றன. அவை எதிரே வரும் ஓரத்தோடு உடனே பிணைந்துகொள்ளப் பார்க்கும். நீராவி அந்த ஓரங்களை மூடிவிட்டால் சண்டை இல்லை. அடுக்குகளுக்கிடையே உள்ள விசை சிறியது என்பது அப்போதும் உண்மையே.

தமிழினி

ஓரத்தை மூடுவது ஒரு பங்குதான் என்று நினைக்கிறேன், ஐயா. ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும் அடுக்குகள் நாம் நினைப்பதுபோல அவ்வளவு எளிதாக நகர்வதில்லை. மேல் அடுக்கின் அணுக்கள் கீழ் அடுக்கின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மேல் செதிலைக் கொஞ்சம் சுழற்றித் திசை பொருந்தாமல் செய்துவிட்டால் உராய்வு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. 2004-இல் நெதர்லாந்தில், நுண்முனையில் ஒட்டிய ஒரு கிராபைட் செதிலைத் திருப்பித் திருப்பி இழுத்து இதை அளந்தார்கள். எனவே நீராவி செதில்களைப் பிரித்து, திசை மாறித் திரும்ப விடுகிறதா, ஓரங்களை மூடுகிறதா, இரண்டுமா என்பதில் எனக்கு முடிவான எண்ணம் இல்லை.

கயல்விழி

அப்படியானால் தேர்வில் 'அடுக்குகளுக்கிடையே பலவீனமான விசை இருப்பதால் கிராபைட் உயவுப் பொருளாகப் பயன்படுகிறது' என்று எழுதலாமா, கூடாதா? விண்கலத்தில் கிராபைட்டைப் போட்டால் என்ன ஆகும்?

நாகலிங்கம்

எழுதலாம் அம்மா, மதிப்பெண் குறையாது. 'பிணைப்பு பலவீனம்' என்று மட்டும் எழுதிவிடாதே. விண்கலத்தில் கிராபைட்டைப் போடமாட்டார்கள். அங்கே மாலிப்டினம் டைசல்பைடு பயன்படுகிறது. அதுவும் அடுக்குப் பொருள்தான், ஆனால் வெற்றிடத்தில் நன்றாகவே வழுக்கும். ஈரக் காற்றில்தான் அதற்குத் தொல்லை.

மோட்டார் ராஜன்

ஐயா, தமிழினி, இரண்டு பேர் விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் பட்டறையில் ஒன்று பார்க்கிறேன். நன்றாக ஓடும் மோட்டாரில், பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். புதியவர்கள் அதை அழுக்கென்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். அதன்பிறகு புதுப் படலம் ஏறும்வரை பிரஷ் வேகமாகத் தேயும். அப்படியானால் பிரஷ் வழுக்குவது கிராபைட்டின் மேலா, செம்பின் மேலா, அந்தப் படலத்தின் மேலா?

தமிழினி

படலத்தின் மேல். அதில் செம்பு ஆக்சைடும் இருக்கிறது, பிரஷ்ஷிலிருந்து வந்த கிராபைட் செதில்களும் தட்டையாகப் படிந்திருக்கின்றன, ஈரமும் இருக்கிறது. தட்டையாகப் படிவதால் பிரஷ்ஷும் படலமும் அடுக்குக்கு அடுக்கு முகம் பார்த்து வழுக்குகின்றன. ஆனால் அதே காரணத்தால் மின்னோட்டம் அந்தப் படலத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது, அதாவது கிராபைட் மோசமாகக் கடத்தும் திசையில். பிரஷ் தொடும் இடத்தில் ஒரு வோல்ட் அளவில் அழுத்தம் குறைவதை நீங்கள் அளந்திருப்பீர்கள். அதில் ஆக்சைடின் பங்கு எவ்வளவு, படுத்திருக்கும் செதில்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவீடு இல்லை. பழைய பிரஷ் ஒன்றின் தேய்ந்த முகத்தையும் பக்கவாட்டையும் தனித்தனியே மல்டிமீட்டரில் தொட்டுப் பார்க்க முடியுமா, அண்ணா?

மோட்டார் ராஜன்

பழைய பிரஷ் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.